கூரை உங்களுடையது, பேனல் அவர்களுடையது: சோலார் லீஸ், பிபிஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள், விற்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பணம் கொடுத்தோ கடன் வாங்கியோ சொந்தமாகப் பேனல் போடுவது வேறு கதை. இங்கே பேசுவது, கம்பெனியின் பேனலைக் கூரையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் கட்டும் ஏற்பாட்டைப் பற்றி மட்டும்.

லீஸ் என்கிறார்கள், பிபிஏ என்கிறார்கள். இரண்டுமே மாதம் பணம் கட்டுவதுதானே, என்ன வித்தியாசம்?

லீஸ் என்றால் வாடகை. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அந்த மாதத்துக்கு ஒரே தொகை. பிபிஏ, அதாவது பவர் பர்ச்சேஸ் அக்ரிமென்ட், மின்சாரத்தை யூனிட் கணக்கில் வாங்குவது. பேனல் எத்தனை யூனிட் உற்பத்தி செய்ததோ, அத்தனைக்குப் பணம். அதனால் ஜூலையில் பில் அதிகம், டிசம்பரில் குறைவு. சில கம்பெனிகள் வருட மொத்தத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துச் சமமாக வசூலிக்கும். அப்போது பார்ப்பதற்கு லீஸ் போலவே இருக்கும். எது என்று தெரிய, ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்று விலை போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் பிபிஏ.

இரண்டிலும் பேனல் கம்பெனியின் சொத்து. ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 20 அல்லது 25 வருடம்.

முதல் மாதத் தவணையே என் கரண்ட் பில்லை விடக் குறைவாக இருக்கிறது. அப்புறம் என்ன யோசிக்க வேண்டும்?

முதல் மாதம் குறைவாகத்தான் இருக்கும், அப்படித்தான் அமைப்பார்கள். பார்க்க வேண்டியது 'எஸ்கலேட்டர்' என்ற ஒரு வரியை. வருடாவருடம் தவணை எத்தனை சதவீதம் ஏறும் என்பது அதில் இருக்கும். பூஜ்யமாகவும் இருக்கலாம், 2.9% ஆகவும் இருக்கலாம். 2.9 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் 8 கிலோவாட் பேனல். வருடத்துக்குச் சுமார் 11,000 யூனிட். லீஸ் தவணை மாதம் 147 டாலர், எஸ்கலேட்டர் 2.9%, காலம் 25 வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது வருடம் தவணை 185 டாலர். கடைசி வருடம் 292 டாலர், அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. 25 வருடத்தில் கட்டும் மொத்தப் பணம் சுமார் 63,500 டாலர். இதே 147 எஸ்கலேட்டர் இல்லாமல் அப்படியே நின்றால் மொத்தம் 44,100. அந்தச் 'சின்ன எண்' தின்பது 19,000 டாலருக்கு மேல்.

இன்னொன்றும் உண்டு. பேனல் வயதாக வயதாக உற்பத்தி குறையும், வருடத்துக்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 25ஆவது வருடம் 11,000 யூனிட் என்பது 9,750 ஆகியிருக்கும். லீஸில் தவணை ஏறுகிறது, கிடைக்கும் மின்சாரம் இறங்குகிறது. பிபிஏவில் யூனிட் விலை ஏறினாலும், உற்பத்தி குறைந்த அளவுக்குப் பில்லும் குறையும். யூனிட்டுக்கு 16 சென்ட் என்று தொடங்கி அதே 2.9% ஏறினால், 25ஆவது வருடம் யூனிட் 32 சென்ட் வரும், மாத பில் 258 டாலர். அதே பேனல், அதே எஸ்கலேட்டர், ஆனால் லீஸை விட மாதம் 34 டாலர் குறைவு.

எஸ்கலேட்டர் இல்லாத ஒப்பந்தத்துக்கு முதல் மாதத் தவணை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்கி, மொத்தத் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நானாக இருந்தால் பூஜ்யம் இருப்பதைத்தான் எடுப்பேன்.

"கரண்ட் கட்டணம் எப்படியும் இதைவிட வேகமாக ஏறும்" என்று விற்க வந்தவர் சொன்னாரே?

ஏறலாம். ஆனால் கரண்ட் கம்பெனியின் கட்டணம் ஏறினாலும் உங்களுக்குச் சேமிப்பு கிடைக்குமா என்பது வேறு ஒன்றில் இருக்கிறது. பகலில் நீங்கள் பயன்படுத்தாமல் கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் அது.

முழு நெட் மீட்டரிங் உள்ள இடத்தில் கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் ஒரே விலை. அங்கே கணக்கு எளிது. கலிபோர்னியாவில் பெரிய தனியார் கரண்ட் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களுக்கு 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பிப்பவர்களிடமிருந்து இது மாறிவிட்டது. கிரிட்டுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்குக் கிடைப்பது, நாம் வாங்கும் விலையில் ஒரு சிறு பங்குதான். பிபிஏவிலோ, பேனல் உற்பத்தி செய்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு விலை கட்ட வேண்டும். 16 சென்டுக்கு வாங்கி, பாதியை அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிரிட்டுக்குத் தள்ளிவிட்டால், அந்தப் பாதியில் ஒவ்வொரு யூனிட்டும் நஷ்டம். அதனால்தான் அங்கே பேட்டரியோடு சேர்த்தே விற்கிறார்கள். வீட்டில் பகலில் ஆள் இல்லை, பேட்டரியும் இல்லை என்றால், விற்பவர் காட்டும் சேமிப்பு அட்டவணையை நம்பும் முன் கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்கு அதில் என்ன விலை போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

பேனல் பழுதாகி உற்பத்தியே இல்லை என்றாலும் லீஸ் தவணை கட்ட வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். அதற்காகத்தான் நல்ல லீஸில் உற்பத்தி உத்தரவாதம் இருக்கும். சொன்ன யூனிட்டில் இத்தனை சதவீதம் வராவிட்டால், குறைந்த யூனிட்டுக்கு இத்தனை சென்ட் வீதம் திருப்பித் தருவோம் என்று. இங்கே அந்த 'இத்தனை சென்ட்' முக்கியம். நீங்கள் கரண்ட் கம்பெனியிடம் 25 சென்டுக்கு வாங்க நேர்ந்த யூனிட்டுக்கு 8 சென்ட் திருப்பிக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் உத்தரவாதம்தான். மேலும், கணக்கு மாதாமாதம் பார்க்கப்படுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோதான். ஆகவே உற்பத்தியைக் காட்டும் கம்பெனிச் செயலியை அவ்வப்போது திறந்து பாருங்கள். நல்ல வெயில் நாளில் உற்பத்திக் கோடு தட்டையாகப் படுத்திருந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

30% வரிச் சலுகை எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. பேனல் யாருடையதோ சலுகை அவர்களுக்கு. சொந்தமாகப் போடுபவர்களுக்கு இருந்த 30% கூட்டாட்சி வரிச் சலுகை 2025 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. ஆனால் லீஸ், பிபிஏ கம்பெனிகளுக்கான வணிகச் சலுகை இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. 2026 ஜூலை 4க்குள் வேலை தொடங்கிய அமைப்புகளுக்கும், அதற்குப் பிறகு தொடங்கினாலும் 2027 முடிவதற்குள் இயங்கத் தொடங்குபவற்றுக்கும் அது உண்டு. கதவைத் தட்டுபவர்கள் இப்போது ஏன் லீஸையே முன்னால் வைக்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

கூரை ஒழுகினால் யார் பொறுப்பு?

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. ஷிங்கிள் கூரையில் பேனல் போடும்போது, தண்டவாளம் போன்ற ஒரு ரெயிலைப் பிடித்து நிறுத்த, ஷிங்கிளையும் பலகையையும் துளைத்துக் கீழே உள்ள மரச்சட்டத்தில் போல்ட் இறக்குவார்கள். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஃபிளாஷிங் என்ற உலோகத் தகட்டை மேல்வரிசை ஷிங்கிளுக்கு அடியில் செருக வேண்டும். ஒரு வீட்டில் இப்படி 30, 40 துளைகள் வந்துவிடும். கம்பெனி தரும் கூரை உத்தரவாதம் இந்தத் துளைகளுக்கு மட்டும்தான். அதுவும் பல ஒப்பந்தங்களில் 10 வருடம், சிலவற்றில் அதைவிடக் குறைவு. தவணை 25 வருடம், கூரைக்குப் பொறுப்பு 10 வருடம். பதினோராவது வருடம் ஒழுகினால் செலவு உங்களுடையது.

கூரை போட்டவர் கொடுத்த உத்தரவாதம் என்ன ஆகும் என்பதும் ஒரு கேள்வி. அவருடைய வேலையில் வேறொருவர் துளை போட்டால், அந்தப் பகுதிக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் கழன்றுகொள்ள இடமுண்டு. சோலார்காரர் 'பழைய கூரை' என்பார், கூரைக்காரர் 'சோலார் துளை' என்பார். நடுவில் வாளியோடு நிற்பது நீங்கள்.

இதற்கு ஒரே மருந்து ஆதாரம். வேலை தொடங்கும் முன் கூரையை எல்லாப் பக்கமும் படமெடுங்கள், அட்டிக்குக்குள் ஏறி அடிப்பலகையையும் படமெடுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஏறிப் பாருங்கள். போல்ட் மரச்சட்டத்துக்குள் போயிருந்தால் அதன் முனை தெரியாது. சட்டத்துக்குப் பக்கத்தில் பலகையைத் துளைத்துக்கொண்டு பளபளவென்று திருகு முனை நீட்டிக்கொண்டிருந்தால், அந்த போல்ட் குறி தவறிவிட்டது என்று அர்த்தம். பிடிமானமும் இல்லை, தண்ணீர் இறங்க வழியும் ஆயிற்று. சில நவீன மவுண்ட்கள் பலகையிலேயே பிடிக்கும்படி செய்யப்பட்டவை, அவற்றுக்கு இது பொருந்தாது. எது போட்டார்கள் என்று கேட்டு வையுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு இன்னொரு முறை டார்ச்சோடு போங்கள். துளையைச் சுற்றிக் காப்பி சிந்தியது போல் பழுப்பு வளையம் இருந்தால் நீர் இறங்குகிறது. அறையின் சீலிங்கில் கறை தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

12 வருடம் கழித்துக் கூரையை மாற்ற வேண்டி வந்தால்?

பேனலைக் கழற்ற வேண்டும், கூரை போட வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். பேனல் உங்களுடையது அல்ல என்பதால் விலை குறைவாகக் கேட்கும் ஆளை வைத்துக் கழற்ற முடியாது. கம்பெனியோ அவர்கள் ஒப்புக்கொண்டவரோதான் தொடலாம். கூலி உங்கள் தலையில், ஆயிரக்கணக்கான டாலர். பேனல் கீழே கிடக்கும் நாட்களுக்கும் லீஸ் தவணை ஓடும். ஒப்பந்தத்தில் 'ஒரு முறை இலவசமாகக் கழற்றி மாட்டுவோம்' என்று எழுதி வாங்க முடிந்தால் அது தவணையில் பத்து டாலர் குறைவதை விடப் பெரியது.

ஷிங்கிள் கூரைக்கு ஆயுள் 20, 25 வருடம் என்று வைத்தால், ஏற்கெனவே 10, 12 வருடம் ஆன கூரையில் 25 வருட லீஸ் போடுவது இந்தச் செலவைத் தேதி குறித்து அழைப்பது. முதலில் கூரை, அப்புறம் சோலார்.

நடுவில் வீட்டை விற்க வேண்டும் என்றால் என்ன ஆகும்?

ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கிறது, வீட்டின் பெயரில் அல்ல. வீடு கைமாறினால் அது தானாகப் போகாது. மூன்று வழிகள்: வாங்குபவர் மீதிக் காலத்துக்கு ஒப்பந்தத்தை ஏற்கலாம், நீங்கள் மீதித் தவணையை மொத்தமாகக் கட்டிவிட்டு வாங்குபவருக்குத் தவணையில்லாமல் கொடுக்கலாம், அல்லது பேனலையே விலைக்கு வாங்கிவிடலாம். 'புது வீட்டுக்கு எடுத்துப் போகலாம்' என்ற வரி சில ஒப்பந்தங்களில் உண்டு, நடைமுறையில் அதை மறந்துவிடுங்கள்.

மேலே பார்த்த அதே வீட்டை எட்டு வருடம் முடிந்து விற்கிறார்கள் என்று வைப்போம். தவணை இப்போது 185 டாலர். மீதி 17 வருடம். கூட்டினால் கட்ட வேண்டியது சுமார் 47,800 டாலர். வாங்க வருபவர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் மிரள்வார். அவருக்கு வீட்டுக் கடன் கொடுப்பவருக்கோ 185 என்ற எண்தான் கண்ணில் படும். கடன் கொடுப்பவர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, லீஸ் தவணையை வாங்குபவரின் மாதக் கடன் சுமையோடு சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட அளவு மின்சாரம் தருவதாகவும், குறைந்தால் ஈடு தருவதாகவும் ஒப்பந்தம் இருந்தால் விலக்கு உண்டு. உற்பத்தியான யூனிட்டுக்கு மட்டும் பணம் என்னும் பிபிஏவையும் சேர்க்க வேண்டாம். 6.5% வட்டி, 30 வருடக் கடனில் மாதம் 185 டாலர் என்பது ஏறத்தாழ 29,000 டாலர் கடனுக்குச் சமம். தகுதியின் விளிம்பில் நிற்பவருக்கு அந்தக் கடன் போய்விடும். சரி, பேனல் இருப்பதால் வீட்டின் மதிப்பாவது கூடுமா? லீஸ் பேனலின் மதிப்பை அப்ரைசலில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இப்படி. கம்பெனியில் வீட்டு விற்பனைக்கென்றே ஒரு பிரிவு இருக்கும். வாங்குபவர் முடிவானதும் அவருடைய விவரத்தைக் கொடுத்தால், அவர் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து, மாற்று ஒப்பந்தத்தை இருவர் கையெழுத்துக்கும் அனுப்புவார்கள். இரண்டு வாரத்திலும் முடியும், ஒரு மாதமும் இழுக்கும். குளோசிங்குக்கு நான்கு நாள் முன்னால் தொடங்கினால் குளோசிங்தான் தள்ளிப்போகும். வீட்டை விற்பனைக்குப் போடும் அன்றே கம்பெனியிடம் மூன்று தாள் வாங்கி வையுங்கள்: முழு ஒப்பந்தம், மீதித் தவணை அட்டவணை, மொத்தமாக முடிக்க இன்றைய தொகை. வருபவரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். எஸ்க்ரோவில் மூன்றாவது வாரம் தெரியவந்தால் அதே விஷயம் ஏமாற்று போலத் தோன்றும்.

வாங்குபவர் லீஸை ஏற்கவே மாட்டேன் என்றால்?

பேரம்தான். மீதி 47,800 என்றாலும் மொத்தமாக முன்கூட்டிக் கட்டும்போது அதற்குத் தள்ளுபடி விகிதம் ஒன்றைப் போட்டுக் குறைப்பார்கள். 6% விகிதத்தில் அது சுமார் 28,000 டாலராக இறங்கும். விகிதம் எது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், கையெழுத்துப் போடும்போது யாரும் பார்க்காத வரி அது. இந்த 28,000ஐ விற்ற பணத்திலிருந்து குளோசிங்கில் கழித்துக் கட்டலாம். அல்லது அதில் ஒரு பகுதியை விலையில் குறைத்துக் கொடுத்து, அவரை லீஸை ஏற்கச் சொல்லலாம். பேச்சுவார்த்தையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் மலிவாக முடியும், ஏனென்றால் வாங்குபவருக்கும் அந்த 185 டாலருக்கு ஈடாக மின்சாரம் வருகிறது. கடந்த 12 மாதக் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பேனலையே வாங்குவது பெரும்பாலும் ஐந்து வருடம் கழித்துத்தான் முடியும். வரிச் சலுகை வாங்கிய கம்பெனி ஐந்து வருடத்துக்குள் விற்றால் அதில் ஒரு பங்கை அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதனால் ஒப்பந்தத்திலேயே அந்தக் கதவை மூடி வைத்திருப்பார்கள்.

டைட்டில் ரிப்போர்ட்டில் சோலார் கம்பெனியின் பெயர் வந்திருக்கிறது. என் வீட்டின் மேல் கடன் பதிவு செய்துவிட்டார்களா?

அது பெரும்பாலும் யுசிசி-1 என்ற பதிவு. இந்தப் பேனலும் கருவிகளும் எங்களுடையவை, வீட்டோடு சேர்த்துக் கொள்ளாதீர்கள் என்று கவுண்டியில் கொடுக்கும் அறிவிப்பு. வீட்டின் மேல் அடமானம் அல்ல. ஆனாலும் வீட்டுப் பதிவுகளில் தெரிவதால், விற்கும்போதும் ரீஃபைனான்ஸ் செய்யும்போதும் கடன் கொடுப்பவர் நிறுத்திக் கேட்பார். கம்பெனியிடம் எழுதிக் கேட்டால் பதிவைத் தற்காலிகமாக நீக்கி, குளோசிங் முடிந்ததும் திரும்பப் போடுவார்கள். சிலர் அதற்குக் கட்டணம் வாங்குவார்கள்.

கம்பெனி திவாலாகிவிட்டால் இலவசமாகக் கிடைத்துவிடுமா?

அப்படி நடப்பதில்லை. 2024 ஆகஸ்டில் சன்பவர், 2025 ஜூனில் சனோவா என்று பெரிய பெயர்களே திவால் நீதிமன்றம் போயின. உங்கள் தவணை அவர்களுக்கு வரவேண்டிய சொத்து. அது இன்னொருவருக்கு விற்கப்படும், நீங்கள் புது முகவரிக்குக் கட்டுவீர்கள். தொங்கலில் நிற்பது பராமரிப்பும் கூரை உத்தரவாதமும்தான். யார் எடுத்து நடத்துகிறார்கள் என்று தெரியாத மாதங்களில் பழுது பார்க்க ஆள் வராது. பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், பழைய பில்லில் உள்ள எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே மாற்றுங்கள்.

லீஸ் பேனல் உள்ள வீட்டை வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

எஸ்கலேட்டர், மீதி வருடம், கூரையின் வயது, துளை உத்தரவாதம் எந்தத் தேதியில் முடிகிறது, இந்த நான்கும். அப்புறம் ஒன்று: பழைய சொந்தக்காரருக்கு இருந்த நெட் மீட்டரிங் விதி உங்களுக்கும் தொடருமா என்று கரண்ட் கம்பெனியிடமே கேளுங்கள். விற்பவர் காட்டும் பில் அந்த விதியில் வந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

வீட்டுக்கே வந்து விற்றிருந்தால், கூட்டாட்சி விதிப்படி மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலைநாள். ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறையும் சேராது. ஆகவே வெள்ளி போட்ட கையெழுத்துக்கு சனி, திங்கள், செவ்வாய். செவ்வாய் நள்ளிரவுக்குள். முழுக்க ஆன்லைனிலோ போனிலோ முடித்த ஒப்பந்தத்துக்கு இந்த விதி பொருந்தாது, அதற்கு ஒப்பந்தத்தில் உள்ள ரத்து வரியையும் உங்கள் மாநில விதியையும் பாருங்கள். விற்றவர் ரத்துப் படிவம் இரண்டு பிரதி தந்திருக்க வேண்டும். ஒன்றில் தேதியும் கையெழுத்தும் போட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் முத்திரையில் உள்ள தேதிதான் கணக்கு. அவர் 'நாளைக்கு வந்து பேசுகிறேன்' என்று சொன்னால் வரட்டும், தபால் முதலில் போகட்டும்.